மாசா மாசம் என் மூஞ்சி

பேனரின் கீழ்வரிசையில் ஸ்டாம்பு அளவு முகங்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்துக்கொண்டிருந்தான் என் சிநேகிதன். எம்.கே.பி. நகரில் எங்கள் பிளாக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேனர் கடையில் அவன்தான் டிசைனர். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். அன்றைக்கு ஒரு காதணி விழா பேனர். நடுவில் தங்கக் கிரீடம் வைத்த குழந்தை, பக்கத்தில் கைகூப்பிய தாய்மாமன், கீழே கூலிங்கிளாஸ் போட்ட இருபது பேர். அதில் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தார்.

"இவுரு மட்டும் ஏன் இம்மாம் பெருசா கீறாரு?" என்றேன்.

"ஜாஸ்தி குட்த்தாரு."

"மிச்சப் பேரு?"

"கம்மியா குட்த்தாங்கோ. மூஞ்சி தெரிஞ்சா போதும் அவுங்களுக்கு."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு உச்சந்தலையில் யாரோ தட்டியது மாதிரி இருந்தது. யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். அந்தப் பேனரில் தன் முகம் தெரிய இருபது பேர் பணம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் என் கதையில் முகம் தெரியக் கொடுக்க மாட்டார்களா? ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். "இன்னாடி, கரண்ட் அட்ச்சிச்சா?" என்றான் அவன்.

என் கதை என்று நான் சொல்வது ஒரு படக்கதை. திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றின் ஆபீசில் சரக்குப் பத்திரங்களை டைப் செய்வது என் வேலை. போக வர எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குள் நுழைய டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும் சாலை. நிற்கும் என்றால் நின்றுகொண்டே இருக்கும். டிரைவர்கள் துணி துவைத்து டயருக்கும் கதவுக்கும் நடுவே கொடி கட்டிக் காயப் போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும் ஒரு டிரெய்லரும் அதன் டிரைவரும்தான் என் கதை. அவன் இழுத்து வந்த கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஊகிக்கிறார்கள். மாதத்துக்கு எட்டுப் பக்கம், எங்கள் ஏரியா பாஷையிலேயே பேச்சு. ஒரு வருஷத்துக்கும் மேலாக இணையத்தில் சும்மா போட்டுக்கொண்டிருந்தேன். நிறையப் பேர் படித்தார்கள், சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த டிரெய்லரைத் துறைமுக கேட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்து, புத்தகமாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரைந்துகொண்டிருந்தால் எனக்கு நரைத்துவிடும். ஆபீஸ் மேனேஜர் மேடத்திடம் அரைநாள் வேலை கேட்டேன். "பொங்கலுக்கு அப்புறம் எடுத்துக்கோ, ஆனா அரைச் சம்பளம்தான். திரும்ப முழுநாள் வேணும்னு வந்தா சீட் இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார். அப்போது ஜூலை. பொங்கலுக்குள் இன்னொரு அரைச் சம்பளத்தை மாதா மாதம் தரும் ஆட்களை நான் சேர்த்தாக வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, நிலைக்கவும் வேண்டும்.

மாதச் சந்தா வாங்கித் தரும் ஆதரவுத் தளம் ஒன்றில் பக்கம் திறந்தேன். மூன்று அடுக்குகள் வைத்தேன். முதல் அடுக்கு, ஒரு பிளேட் பூரி விலை. கட்டுகிறவர்கள் புதிய பக்கங்களை மற்றவர்களுக்கு இரண்டு நாள் முன்னால் பார்க்கலாம். இரண்டாவது, ஒரு பிரியாணி விலை. மாதக் கடைசியில் கதையிலிருந்து ஒரு படம் அச்சடித்த தபால் அட்டை வீட்டுக்கு வரும். மூன்றாவது, குடும்பத்தோடு பிரியாணி சாப்பிடும் விலை. அதற்கு ஐந்தே ஐந்து இடம். பலன் என்ன என்ற கட்டத்தில் ஒரே வரி எழுதினேன்: "உங்கள் முகம் என் கதையில்."

சின்ன வரி. எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. மற்ற படைப்பாளிகள் பத்து புள்ளி வைத்துப் பட்டியல் போடுகிறார்கள், நாம் நாலே வார்த்தையில் முடித்துவிட்டோம் என்று.

ஐந்து இடமும் இரண்டே வாரத்தில் நிரம்பின. முதலில் சேர்ந்தது நாஷ்டா கடை அக்கா. விரைவுச் சாலை ஓரத்தில் தள்ளுவண்டி, வரிசையில் நிற்கும் டிரைவர்களுக்கு இட்லி, பூரி, வடகறி. நான் ஸ்கெட்ச் போடும்போது அவர் வண்டி நிழலில்தான் உட்காருவேன். "இன்னாமோ கட்டணும்னியே, எங்க கட்றது, காட்டு" என்று போனை நீட்டி, அவரே ஸ்கேன் செய்து, மாதா மாதம் பிடித்துக்கொள்ளும் அனுமதிக்கு அவரே ரகசிய எண்ணும் போட்டார். ஒரு முறை அனுமதித்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் கேட்காமல் போய்விடும், ஆனால் பிடிப்பதற்கு முதல் நாள் போனுக்குத் தகவல் வரும். வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கினேன். "தெரியும்மே, ரீசார்ஜ் மாரி" என்றார்.

இரண்டாவது ஆள் ராயபுரத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. எங்கள் ஆபீசுக்குச் சர்க்கரை, டீத்தூள் அவர் கடையிலிருந்துதான் வரும். மாதா மாதம் என்றதும் முகம் சுளித்தார். "அதென்ன மாசா மாசம் நச்சு நச்சுன்னு. வருசத்துக்கு ஒரேயடியா எவ்வளவுன்னு சொல்லு" என்றார். தளத்தில் ஆண்டுச் சந்தாவும் உண்டு, கொஞ்சம் தள்ளுபடியோடு. அதைக் கட்டினார். மற்ற மூவரில் ஒருவர் கால்பந்து கோச், ஒருவர் வளைகுடாவில் நர்ஸ். கடைசி ஆள் தன் முகம் வேண்டாம், தன் நாயின் முகம் போதும் என்று படம் அனுப்பியவர்.

ஆகஸ்ட் இதழில் மற்ற நால்வரோடு அக்காவையும் வரைந்தேன். கரண்டியோடு, இடுப்பில் கை வைத்து, நீராவிக்குப் பின்னால். அச்சு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதை லாமினேட் செய்து, வண்டியில் விலைப் பலகைக்கு மேலே கட்டிவிட்டார். டிரைவர்கள் கலாய்த்தார்கள். "அக்கா, படத்துல இட்லி பெருசா கீது, இங்க இன்னா சைஸு கம்மி?" என்றான் ஒருவன். "படத்துல கீறத துன்னுக்கோ போ" என்றார் அக்கா. எனக்கு அன்றைக்குத் தட்டு நிறைய பூரி.

செப்டம்பர் முதல் வாரம் அவர் போனுக்குத் தகவல் வந்திருக்கிறது, நாளை இவ்வளவு பிடிக்கப்படும் என்று. மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"இந்த மாசம் இன்னா பண்ணிகினு கீறேன் நானு?"

"எங்கக்கா?"

"கதைலமே. துட்டு பூட்ச்சே."

ஆகஸ்டில் வரைந்தாயிற்று, அவர் கதைக்குள் வந்தாயிற்று, பலன் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். வடகறி கிண்டிக்கொண்டே அவர் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. சரி, வரிசை ஓரத்தில் நாஷ்டா கடை இருப்பது இயல்புதானே, பின்னணியில் நின்றுவிட்டுப் போகட்டும் என்று செப்டம்பரிலும் வரைந்தேன்.

அக்காவுக்கு வரைந்தால் கோச்சுக்கு வேண்டாமா? அவரும் மாதா மாதம் கட்டுகிறார். நர்ஸுக்கு? நாய்க்கு? எல்லாரையும் போட்டேன். ஆனால் அண்ணாச்சி விஷயம் நேர்மாறாகப் போனது. செப்டம்பர் இதழில் இரண்டாம் தடவையாகத் தன்னைப் பார்த்ததும் போன் செய்தார்.

"ஏம்மா, திரும்ப எதுக்கு என்னப் போட்டிருக்க? நான்தான் ஒரு தடவ கட்டியாச்சுல்லா. ஒரு தடவ போட்டாப் போதும். சும்மா சும்மா ரோட்டுல நிக்க எனக்குக் கடை இல்லியா?"

"சரிங்க அண்ணாச்சி."

"இன்னொண்ணு சொல்லுதேன் கேளு. போட்ட படத்துல எம் பின்னாடி கடைப் பேரு தெரியல. அதைப் பெருசா எழுதியிருந்தா நல்லாருக்கும்."

கடைப் பெயர் எழுதினால் அது விளம்பரம் இல்லையா? விளம்பரம் என்றால் அதற்குத் தனி விலையா? அவர் கட்டியது ஆதரவா, விளம்பரமா? ஒரே அடுக்கு, ஒரே வரி. மாதா மாதம் கட்டுகிறவர் மாதா மாதம் வேண்டும் என்கிறார், ஒரே தடவை கட்டியவர் ஒரே தடவை போதும் என்கிறார். இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது.

அக்டோபரில் மழை. அந்த இதழின் எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் முகங்கள். டிரைவர் டீ குடிக்கிறான், அக்கா நிற்கிறார். டிரைவர் டயரைத் தட்டிப் பார்க்கிறான், கோச் பந்தோடு நிற்கிறார். மழையில் எல்லாருக்கும் குடை வேறு வரைய வேண்டியிருந்தது. நவம்பரில் டிரெய்லர் ஓர் அடிகூட நகரவில்லை. கண்டெய்னருக்குள் என்ன என்ற கேள்வியை நானே மறந்துவிட்டேன்.

முதல் அடுக்கிலிருந்து ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவர் விலகும்போதும் தளம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும், அவர் தேர்ந்தெடுத்த காரணத்தோடு. சிலருக்கு மாதாந்திரப் பிடித்தம் வங்கியில் நிறைவேறாமல் தானாக நின்றிருந்தது. அவர்களுக்கு நான் எழுதிக் கேட்டால் திரும்பச் சேர்ந்தார்கள். காரணம் சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் பயம். ஒருவர் தன் வார்த்தையிலேயே எழுதியிருந்தார்: "கதை எங்கே? எல்லாரும் வரிசையாக நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுக்கிறார்கள்."

முதல் அடுக்கில் கட்டும் தொகை சின்னதுதான். ஆனால் என் அரைச் சம்பளத்தில் பெரும்பங்கு அந்தச் சின்னத் தொகைகள் சேர்ந்துதான் வருகிறது. தளத்தின் கமிஷன், பணப் பரிமாற்றக் கட்டணம், தபால் அட்டைக்கு அச்சு, ஸ்டாம்பு எல்லாம் போனால் ஐந்து முகங்கள் மட்டும் என்னைத் தாங்காது. ஆனால் ஐந்து முகங்களுக்குத்தான் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். கதை நகரும் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே! அப்படியும் நினைத்துப் பார்த்தேன். ஏமாற்று மாதிரி இருந்தது.

பேனர் கடைக்குப் போனேன்.

"டேய், பேனர்ல ஒரு தபா மூஞ்சி போட்டா எத்தினி நாளு?"

"கிழியற வரைக்கும். இல்ல கார்ப்பரேஷன் வந்து அவுக்கற வரைக்கும்."

"அப்பால?"

"அப்பால இன்னா, அடுத்த விசேஷம். புதுசா வசூல், புது பேனரு. துட்டு குட்த்தவன் மூஞ்சி எல்லாம் புதுசா வரும்." அவன் திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். "உன்துல மாசா மாசம் வசூல் தான? அப்ப மாசா மாசம் பேனரு. இதுல இன்னா டவுட்டு உனுக்கு?"

முகத்தை இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போனேன். முகத்தோடு இந்தக் கணக்கும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"கதை படிக்கறவங்கோ ஓடறாங்கோடா."

"காதுகுத்து பேனர்ல கதை படிக்க எவன் வர்றான்?" என்றான். அடுத்த முகத்தை இழுத்து வைத்துவிட்டு, "நீ கதைக்குள்ள பேனர் கட்டிக்கீற, அதான் பேஜாரு" என்றான். அதை அவன் கிண்டலுக்குச் சொன்னானா யோசித்துச் சொன்னானா என்று இன்றுவரை தெரியவில்லை.

தளத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு மாதம் வசூலை நிறுத்தி வைக்கலாம். யாரிடமும் பணம் பிடிக்காது, உறுப்பினர் நிலையும் போகாது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று டிசம்பருக்கு அதைத் தட்டினேன். இதழ் இல்லை, பணமும் இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை. எல்லாருக்கும் ஒரு செய்தியும் போட்டேன். அந்தச் செய்தி தளத்துக்குள் வரும். அக்கா தளத்துக்குள் போவதே இல்லை, அவருக்கு என் படங்களை நான்தான் நேரில் காட்டுவேன் என்பது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது வாரம் காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு டிரைவருக்குச் சட்னி ஊற்றினார்.

"அக்கா, ஒரு செட் பூரி."

"பூரி இல்ல."

எண்ணெயில் பூரி உப்பிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா கோவம்?"

"இந்த மாசம் மெசேஜும் வர்ல, துட்டும் போவல. பேங்குக்குப் போய் க்யூல நின்னு கேட்டேன். அவங்கதான் எடுக்கலன்றாங்கோ. ஏன், என் துட்டு கலீஜா?"

"ஐயோ, எல்லாருக்கும் நிறுத்திக்கீறேன்கா. ஒரு மாசம்தான்."

"எல்லாருக்கும்னா எனக்கும் சொல்லணுமா வேணாமா? நாலு டிரைவரு கேட்டுகினு கீறானுங்கோ, இன்னாக்கா உன்ன தூக்கிட்டாளான்னு. மூஞ்சில அட்ச்ச மாரி இருந்திச்சு."

இட்லி தின்றுகொண்டிருந்த டிரைவர் தலை நிமிராமல், "தூக்கல அக்கா, நீதான் விலைப் பலகை மேல படமா ஏறி குந்திகினு கீறியே" என்றார். "நீ மூடு" என்றார் அக்கா.

இனி மறைத்துப் பயனில்லை என்று நடந்ததைச் சொன்னேன். எல்லாரையும் மாதா மாதம் போட்டதில் கதை நின்றுவிட்டது, படிக்கிறவர்கள் விலகுகிறார்கள், இப்படியே போனால் பொங்கலுக்குப் பிறகு அரைநாள் வேலைக்கு நான் மாற முடியாது, மாறாவிட்டால் வண்டி கேட்டுக்குப் போகாது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். என் பக்கத்தைத் திறந்து, தூரத்தில் வைத்துப் படித்தார். "உங்கள் முகம் என் கதையில். இதுல ஒரு தபான்னு எங்க போட்டுக்கீது?"

"போடலக்கா."

"மாசா மாசம்னும் போடலதான்" என்றார், கொஞ்சம் இறங்கி. பிறகு உடனே ஏறிக்கொண்டார். "ஆனா நீ வரஞ்ச லட்சணத்துக்கு ஒரு தபா எப்டி போதும்? ஆகஸ்ட்ல கரண்டியோட நிக்கிறேன். அடுத்த மாசமும் கரண்டியோட நிக்கிறேன். மழையில குடை புட்ச்சிகினு கரண்டியோட நிக்கிறேன். ஒரு வார்த்த பேசுனனா? கடையில என்ன அப்டி பாத்துக்கீறியா? இதுல பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு ஊரே பேசுது, என்ன மட்டும் ஒருத்தன் கேக்கல. பத்து வயசு வேற ஜாஸ்தியா போட்டுக்கீற. எதுத்தாப்ல தோசைக் கடை வெச்சிகீறாளே, அவ வண்டி எதுக்குமே படத்துல? அவ துட்டு கட்டுனாளா?"

தோசைக் கடை அந்தச் சாலையில் நிஜமாகவே இருக்கிறது, அதனால் வரைந்தேன் என்றேன். இருந்தால் இருக்கட்டும், படத்தில் வேண்டாம் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் சின்னதாகப் போடு என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அக்கா கேட்பது முகம் இல்லை. அவர் கதைக்குள் ஓர் ஆளாக இருக்க ஆசைப்படுகிறார். பேச வேண்டும், அவரையும் யாராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கதையில் ஓர் ஆள் பேசினால் கதை நகரும். அது எனக்கு நல்லதுதான். ஆனால் பணம் கட்டியவர் பேசுவதை நான் எழுதினால், யார் பேசுவது என்பதைத் தீர்மானிப்பது நானா, அடுக்கா? நாளைக்கு அண்ணாச்சி கடைப் பெயரைப் பேசச் சொன்னால்? நாய் குரைத்தால்? எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று கோடு போட நினைக்கும்போதெல்லாம் கோடு என் கையிலேயே வளைகிறது.

"சரி, வேணாம்னா சொல்லு. நான் ஆப் பண்ணிக்கிறேன்" என்று அக்கா போனைக் காட்டினார். அனுமதியை ரத்து செய்யும் பட்டன் அதில் இருந்தது. அவர் விரல் அதற்கு மேலேயே நின்றது.

"அது உன் இஷ்டம்கா. நான் சொல்ல முடியாது."

"இன்னாமோ எல்லாம் என் இஷ்டம்ற, படம் மட்டும் உன் இஷ்டம்" என்று போனை முந்தானையில் செருகிக்கொண்டார். தட்டு வந்தது. அதில் பூரி இருந்தது. ரத்து செய்தாரா இல்லையா என்று அன்றைக்குத் தெரியவில்லை, சாயங்காலம் தளத்தில் பார்த்தேன். இருக்கிறார்.

இப்போது டிசம்பர் கடைசி. ஜனவரி முதல் வாரத்தில் வசூல் திரும்ப ஓடத் தொடங்கும், பொங்கலுக்குள் மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது அடுக்கைப் புதியவர்களுக்கு மூடிவிட்டேன். இருக்கும் ஐந்து பேருக்கும் அது நிற்கிறது, பலன் கட்டத்தில் அந்தப் பழைய வரியும் நிற்கிறது. அழித்துவிட்டு வேறு வரி எழுத நாலு முறை முயன்றேன். "ஒரு முறை மட்டும்" என்று போட்டால் அக்காவிடம் இதுவரை வாங்கியது என்ன? "மாதந்தோறும்" என்று போட்டால் டிரெய்லர் என்ன ஆகும்? அவர்களைக் கேட்காமல் அவர்கள் கட்டியதற்கு அர்த்தத்தை மாற்றலாமா என்பதும் தெரியவில்லை.

அதனால் ஒன்று செய்து பார்க்கப் போகிறேன். ஜனவரி இதழின் முதல் பக்கத்தை மட்டும் பென்சிலில் முடித்திருக்கிறேன். டிரெய்லர் நகர்கிறது. அதிகமில்லை, ஒரு வண்டி நீளம். நகர்ந்து நாஷ்டா கடை முன்னால் நிற்கிறது. டிரைவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, உள்ள இன்னா கீதுன்னு நீ நினைக்கிற?" என்று கேட்கிறான். அக்காவின் வாயருகே பேச்சுக் குமிழ் வரைந்து காலியாக விட்டிருக்கிறேன். எதிர்ப்பக்கம் தோசைக் கடையும் இருக்கிறது, அதன் நிஜ அளவில்.

நாளைக் காலை அந்தப் பக்கத்தையும், ஒரு துண்டுக் காகிதத்தில் புதிய வரி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்: "வருஷத்தில் ஒரு முறை உங்களிடம் கதை ஒரு கேள்வி கேட்கும். உங்கள் பதில் கதைக்குள் வரும். அதற்கப்புறம் நடப்பது என் பொறுப்பு." சரியான வரியா என்று தெரியாது. கோச்சுக்கும் நர்ஸுக்கும் பிடிக்குமா, நாய் என்ன பதில் சொல்லும், எதுவும் தெரியாது. அக்காவிடம் படித்துக் காட்டுவேன். அவர் சரி என்றால் மற்ற நால்வருக்கும் தனித்தனியாகப் போன் செய்து கேட்பேன், அதற்குப் பிறகுதான் தளத்தில் மாற்றுவேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பென்சிலோடு அங்கேயே வண்டி நிழலில் உட்கார்ந்து அடுத்த வரியை எழுதிப் பார்க்க வேண்டியதுதான். இரண்டு பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.